'கன்சல்டன்ட்' ஆஃபர் வந்திருக்கா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



நம்ம சேனல்ல சம்பள ஸ்லிப் பத்தி வீடியோ போட்டாலே வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "புது கம்பெனியில மாசம் 50,000 தர்றாங்க. ஆனா பிஎஃப் கிடையாது, கன்சல்டன்ட்டா எடுத்துக்கிறோம்னு சொல்றாங்க. கையில அதிகமா வருது, சேரலாமா?"

இதுக்கு 'சேருங்க', 'சேராதீங்க'ன்னு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. ஏன்னா, இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. அந்த 50,000-க்கும் சம்பளமா வர்ற 50,000-க்கும் உண்மையில என்ன வித்தியாசம்ங்கிறது முதல் கேள்வி. அந்தக் கம்பெனியில நீங்க உண்மையிலேயே கன்சல்டன்ட்டா, இல்ல கன்சல்டன்ட்னு பேர் வெச்ச ஊழியரா என்பது ரெண்டாவது கேள்வி. இந்தப் பதிவுல ரெண்டையும் நிதானமா பார்த்துடலாம்.

'கான்ட்ராக்ட் வேலை'ன்னா மூணு அர்த்தம்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். நம்ம ஊர்ல நிரந்தர வேலை இல்லாத எல்லாத்தையும் 'கான்ட்ராக்ட்'னு சொல்லிடுறோம். ஆனா அதுக்குள்ள மூணு வகை இருக்கு. மூணுக்கும் உரிமைகள் வேற வேற.

ஒண்ணு, குறிப்பிட்ட காலத்துக்கான வேலை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு தேதி போட்டு கம்பெனியே நேரடியா உங்களை எடுக்கும். நீங்க அந்தக் கம்பெனியின் ஊழியர்தான். சம்பள ஸ்லிப், பிஎஃப், விடுப்பு எல்லாம் உண்டு. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி, இவங்களுக்கு ஒரு வருஷ வேலைக்கே கிராஜுவிட்டி உரிமையும் இருக்கு.

ரெண்டாவது, ஏஜென்சி பேரோல். வேலை செய்யறது ஒரு கம்பெனியில, சம்பளம் தர்றது இன்னொரு ஏஜென்சி. இங்கேயும் நீங்க ஊழியர்தான், முதலாளி மட்டும் அந்த ஏஜென்சி. பிஎஃப் சட்டம், கான்ட்ராக்டர் மூலமா வேலைக்கு வந்தவங்களையும் ஊழியர் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கு.

மூணாவதுதான் நம்ம விஷயம். கன்சல்டன்ட், ஃப்ரீலான்சர், ரீட்டெய்னர்னு பல பேர்ல வரும். சட்டத்தின் பார்வையில இவர் தனியா தொழில் நடத்துறவர். கம்பெனி இவருக்கு முதலாளி கிடையாது, வாடிக்கையாளர். இவர் வாங்குறதும் சம்பளம் இல்ல, கட்டணம். அதனால ஊழியருக்குன்னு எழுதின சட்டம் எதுவும் இவருக்குப் பொருந்தாது.

அதனால யாராவது 'இது கான்ட்ராக்ட் ரோல்'னு சொன்னா, அடுத்த கேள்வியா 'மூணுல எது?'ன்னு கேளுங்க. 'சம்பள ஸ்லிப் வருமா, இல்ல நான் மாசாமாசம் இன்வாய்ஸ் அனுப்பணுமா?'ன்னு கேட்டாலே பதில் தெரிஞ்சிடும்.

ரெண்டு ஆஃபர், ஒரே தொகை

இப்ப கணக்குக்கு வருவோம். உங்க கையில ரெண்டு ஆஃபர் இருக்குன்னு வெச்சுக்கலாம். ரெண்டுமே வருஷத்துக்கு 6 லட்சம். முதல் கம்பெனி பேரோல்ல எடுக்குது, 6 லட்சம் சிடிசி. ரெண்டாவது கம்பெனி கன்சல்டன்ட்டா எடுக்குது, மாசம் 50,000 கட்டணம். (தொழில் வரி ரெண்டுலயும் வரும், அதனால அதைக் கணக்குல விட்டுடுறேன்.)

முதல் கம்பெனியில அடிப்படைச் சம்பளம் 25,000-னு வெச்சுப்போம். 50,000-லிருந்து கம்பெனியின் பங்கு பிஎஃப் 12 சதவீதம், அதாவது 3,000 போகும். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறது 4.81 சதவீதம், சுமார் 1,202 போகும். மீதி 45,798. அதுல உங்க பங்கு பிஎஃப் இன்னொரு 3,000 கழிஞ்சா கையில வர்றது 42,798.

ரெண்டாவது கம்பெனியில 50,000-ல 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு 45,000 தருவாங்க. பிடிச்ச 5,000, ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா திரும்ப வரும்.

42,798 எங்க, 45,000 எங்க? இதைப் பார்த்துத்தான் பலரும் ரெண்டாவது ஆஃபருக்குத் தலையாட்டுறாங்க. டிடிஎஸ்ஸும் திரும்ப வந்துட்டா மாசம் 50,000. வித்தியாசம் 7,202.

அந்த 7,202 எங்க போச்சுன்னு பாருங்க. 6,000 உங்க பிஎஃப் பக்கம் போகுது. 1,202 கிராஜுவிட்டிக்கு. ரெண்டுமே கம்பெனி தன் பாக்கெட்ல போட்டுக்கிட்ட பணம் இல்ல. உங்க பேர்ல வேற இடத்துல சேர்ற பணம். கையில கூட வர்ற 7,202, அங்க சேராம போற அதே 7,202-தான்.

நேர்மையா இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். கம்பெனியின் 3,000-ல 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும். கிராஜுவிட்டி, வழக்கமான நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் முடிச்சாத்தான் வரும். நடுவுல கம்பெனி மாறினா அது கிடைக்காது. கன்சல்டன்ட்டா இருந்து அந்த 7,202-ஐ நீங்களே பிபிஎஃப்லயோ என்பிஎஸ்லயோ ஒழுங்கா போட்டா, இந்த விஷயத்துல மட்டும் பெரிய நஷ்டம்னு சொல்ல முடியாது. 'பிஎஃப் போச்சே'ங்கிறது உண்மையில இந்தக் கணக்கோட சின்னப் பகுதிதான்.

'டாக்ஸ் மிச்சமாகும்'னு ஹெச்ஆர் சொல்றதையும் இங்கேயே பார்த்துடலாம். 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவோட சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். வருஷம் 6 லட்சம் வாங்குறவருக்கு பேரோல்லயும் வரி பூஜ்யம், கன்சல்டன்ட்டா இருந்தாலும் பூஜ்யம். மிச்சம் பிடிக்க அங்க எதுவுமே இல்ல. கட்டணத்துல பாதியை மட்டும் வருமானமா காட்டுற 44ADA வசதி, அது பொருந்துற தொழில்கள்ல இருந்து 20, 30 லட்சம் வாங்குறவங்களுக்கு உண்மையிலேயே உதவும். உங்களுக்கு நடக்கப்போறது, மாசம் 5,000 வீதம் வருஷத்துக்கு 60,000 ரூபாய் ரீஃபண்ட் வர்ற வரைக்கும் முடங்கிக் கிடக்கிறதுதான்.

சிடிசி-யில எழுதாத விஷயங்கள்

அப்போ உண்மையான வித்தியாசம் எங்க இருக்கு? ஆஃபர் லெட்டர்ல ரூபாய் கணக்கா எழுதாத இடத்துல இருக்கு. ஒவ்வொண்ணா பாருங்க.

முதல்ல விடுப்பு. பேரோல்ல வருஷத்துக்கு 24 நாள் சம்பளத்தோட விடுப்புன்னு வெச்சுப்போம். கன்சல்டன்ட் ஒப்பந்தத்துல பெரும்பாலும் வேலை செஞ்ச நாளுக்குத்தான் பணம். 50,000-ஐ 30 நாளால வகுத்தா ஒரு நாளுக்கு 1,667. 24 நாளுக்கு 40,000 ரூபாய். காய்ச்சல், ஊர்த் திருவிழா, தங்கச்சி கல்யாணம்னு நீங்க லீவு எடுத்தா அது முழுக்க உங்க செலவு.

அடுத்தது மகப்பேறு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனத்துல, முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்ச பெண் ஊழியருக்கு, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு சம்பளத்தோட 26 வாரம் விடுப்பு உண்டு. அந்த நேரத்துல வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. கன்சல்டன்ட்டுக்கு இது ஒரு நாள்கூட கிடையாது. ஆறு மாச வருமானம் போறது ஒரு பக்கம். அந்த ஆறு மாசத்துல கம்பெனி 'ஒப்பந்தம் முடிஞ்சது'ன்னு ஒரு மெயில் அனுப்பிட்டா, திரும்பிப் போக வேலையும் இருக்காது. மத்த எல்லாத்தையும் விட பெரிய இழப்பு இதுதான். ரெண்டு மூணு வருஷத்துல குழந்தை பத்தி யோசிக்கிற பெண்கள், மாசம் 2,000 கூட வருதுன்னு இதை விட்டுக்கொடுத்தா அது ரொம்ப விலை உயர்ந்த 2,000.

மூணாவது, காப்பீடு. பிஎஃப்ல இருக்கிற ஊழியர் வேலையில இருக்கும்போது இறந்துட்டா, குடும்பத்துக்கு இடிஎல்ஐ திட்டத்துல அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும். இதுக்கு ஊழியர் ஒரு ரூபாய்கூட பிரீமியம் கட்டுறதில்ல. கம்பெனி எடுத்துத் தர்ற குரூப் மெடிக்கல் பாலிசியும் பெரும்பாலும் பேரோல்ல இருக்கிறவங்களுக்குத்தான். வேலை நேரத்துல விபத்து நடந்தா முதலாளி தர வேண்டிய இழப்பீடும் ஊழியருக்குத்தான் உண்டு.

நாலாவது, வேலை போகும்போது கிடைக்கிற பாதுகாப்பு. மேலாளர் பொறுப்பில இல்லாத ஊழியர் ஒருத்தர் மூணு வருஷம் வேலை செஞ்சிருக்கார், அவரை ஆட்குறைப்புல அனுப்புறாங்கன்னு வைங்க. ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம் தரணும். அதோட, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் வீதம் 45 நாள் சம்பளமும் தரணும். கன்சல்டன்ட்டுக்கு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான். '7 நாள் அறிவிப்பில் ரத்து செய்யலாம்'னு இருந்தா ஏழே நாள்தான்.

இதெல்லாம் நல்ல நாள்ல கண்ணுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாதப்போ, குழந்தை பிறக்கும்போது, கம்பெனி ஆளைக் குறைக்கும்போதுதான் தெரியும். கம்பெனிக்கு இந்த ஏற்பாட்டுல என்ன லாபம்னு கேட்டா, அதுக்கும் பதில் இதேதான். சிடிசி ஒண்ணாவே இருந்தாலும், இந்த நாலு பொறுப்பையும் உங்க தோளுக்கு மாத்திடுது.

பேர் வெச்சா போதுமா? கோர்ட் என்ன சொல்லுது?

இப்ப ரெண்டாவது கேள்வி. ஒப்பந்தத்துல 'இவர் ஊழியர் அல்ல, சுதந்திரமான கன்சல்டன்ட்'னு எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. அதோட கதை முடிஞ்சதா?

முடியல. ஒருத்தர் ஊழியரா இல்லையாங்கிறதை வெறும் பேரை வெச்சு முடிவு பண்ண முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் பல வருஷமா சொல்லிட்டு வருது. ஒப்பந்தத்தையும் படிப்பாங்க, வேலை எப்படி நடந்ததுன்னும் பார்ப்பாங்க.

1973-ல சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ்னு ஒரு வழக்கு. தையல் கடை. தைக்கிறவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது, உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி. கண்டிப்பான வேலை நேரம் கிடையாது. துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தைக்கலாம். வேற கடைக்கும் தைக்கலாம். இதைக் கேட்டா 'அவங்க தனி ஆட்கள்தானே'ன்னு தோணும். ஆனா உச்ச நீதிமன்றம் அவங்களை ஊழியர்கள்னு சொல்லிச்சு. தையல் மெஷின் கடைக்காரருடையது. எப்படித் தைக்கணும்னு கட்டிங் மாஸ்டர் சொல்வார். சரியில்லைன்னா கடைக்காரர் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்வார். அந்த அதிகாரத்தையே கோர்ட் கட்டுப்பாடா எடுத்துக்கிச்சு.

1978-ல இன்னொண்ணு, ஹுசைன்பாய் வழக்கு. கேரளாவுல ஒரு கயிறு தொழிற்சாலை. தொழிலாளர்களை நாங்க எடுக்கல, கான்ட்ராக்டர்கள்தான் எடுத்தாங்கன்னு முதலாளி சொன்னார். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்பு அதை ஏத்துக்கல. யாரோட தொழிலுக்காக இவங்க உழைக்கிறாங்க, யார் கையை எடுத்துட்டா இவங்க பிழைப்பு நிக்கும்னு கேட்டது. பொருளாதாரப் பிடி யார்கிட்ட இருக்கோ அவர்தான் உண்மையான முதலாளி.

எல்லா வழக்கும் இப்படியே முடியும்னு நினைச்சுடாதீங்க. 2020-ல உச்ச நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்குல, ஒரு கண் மருத்துவர் மருத்துவமனையோட மினி பஸ்ல போகும்போது விபத்துல இறந்துட்டார். அவர் அங்க ஊழியர், அதனால எங்க பொறுப்பு குறைவுதான்னு இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடுச்சு. கோர்ட் அவரோட ஒப்பந்தத்தை வரி வரியா பார்த்தது. அவர் வாங்கினது சம்பளம் இல்ல, ஹானரேரியமும் சிகிச்சைக் கட்டணத்துல ஒரு பங்கும். ஒப்பந்தமும் சில வருஷத்துக்கு மட்டும். அதனால அவர் சுதந்திரமான நிபுணர்தான்னு முடிவு பண்ணி, இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பீடு தரணும்னு சொல்லிச்சு. எந்த ஒரு அடையாளத்தை மட்டும் வெச்சும் முடிவு செய்ய முடியாது, எல்லாத்தையும் சேர்த்துத் தராசுல வெச்சுப் பார்க்கணும்னு அந்தத் தீர்ப்பு விளக்குது.

உங்க வேலையைத் தராசுல வைங்க

இதே கேள்விகளை நம்ம உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்க ஒரு கம்பெனியில டிசைனர். பேர் 'கிரியேட்டிவ் கன்சல்டன்ட்'.

காலையில ஒன்பதரைக்கு பயோமெட்ரிக்ல விரல் வைக்கிறீங்க. லேப்டாப் கம்பெனியோடது. மெயில் ஐடி கம்பெனி பேர்ல. லீவு வேணும்னா டீம் லீடுகிட்ட கேக்கணும், அவர் 'முடியாது'ன்னு சொல்லலாம். ஒரு வேலையை எந்த வரிசையில, எப்படிப் பண்ணணும்னு அவரே சொல்றார். மாசம் 50,000 மாறாம வருது. ப்ராஜெக்ட் நல்லா போனாலும் போகாட்டியும் அதே தொகை. வருஷ அப்ரைசல் உண்டு. வேற யாருக்கும் வேலை செய்யக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே ஒரு வரி. உங்களுக்குப் பதிலா உங்க நண்பரை ஒரு நாள் அனுப்பினா வாசல்லயே நிறுத்திடுவாங்க. உங்க பக்கத்து சீட்ல இதே வேலையைப் பண்றவர் பேரோல்ல இருக்கார்.

இதுல எந்த இடத்துல நீங்க தனியா தொழில் நடத்துறீங்க? விலையை நீங்க சொல்லல, நேரத்தை நீங்க முடிவு பண்ணல, லாப நஷ்டமும் உங்களோடது இல்ல. இது பேர் மாத்தி வெச்ச ஊழியர் வேலை.

இப்ப இன்னொரு டிசைனர். அவருக்கு மூணு கம்பெனி வாடிக்கையாளர். ஒரு லோகோவுக்கு இவ்வளவுன்னு விலை சொல்றார். சொந்த லேப்டாப், சொந்த மென்பொருள். ராத்திரி உக்காந்து பண்ணினாலும் சரி, இன்னொருத்தரை வெச்சுப் பண்ணினாலும் சரி, சொன்ன தேதிக்குக் கொடுத்தா போதும். ஒரு வாடிக்கையாளர் போனாலும் மத்த ரெண்டு பேர் இருக்காங்க. இவர் உண்மையான கன்சல்டன்ட்.

பல பேரோட வேலை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கும். வீட்டிலிருந்து வேலை, ஆனா ஒரே ஒரு வாடிக்கையாளர். சொந்த லேப்டாப், ஆனா தினமும் காலை மீட்டிங்ல ஆஜர். அப்போ ஒரு அடையாளத்தை மட்டும் பிடிச்சுக்காதீங்க, எந்தப் பக்கத் தட்டு கனமா இருக்குன்னு பாருங்க. என் அனுபவத்துல அதிகம் உதவுற கேள்விகள் ரெண்டு: 'நாளைக்கு வேலைக்கு வரல, ஆனா வேலையை முடிச்சுத் தர்றேன்'னு சொல்ல உங்களால முடியுமா? இன்னொரு கம்பெனிக்கும் இதே வேலையை வெளிப்படையா செய்ய முடியுமா? ரெண்டுக்கும் 'முடியாது'ன்னா யோசிக்க வேண்டிய நேரம்.

நாம எந்தப் பக்கம்னே தெரியாதவங்களுக்கு

சிலருக்குத் தாங்க பேரோல்ல இல்லைங்கிறதே ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போதுதான் தெரியுது. மாசாமாசம் பணம் வந்துட்டே இருக்கும், ஐடி கார்டும் இருக்கும், அதனால சந்தேகமே வராது. ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம்.

வருமான வரி தளத்துல உங்க `Form 26AS` எடுங்க. கம்பெனி பேருக்கு நேரா பிரிவு எண் `192`-னு இருந்தா அது சம்பளம். `194J` அல்லது `194C`-ன்னு இருந்தா உங்களை வெளி ஆளா கணக்குல வெச்சிருக்காங்க. வருஷக் கடைசியில `Form 16` தராம `Form 16A` தந்தாலும் அதே அர்த்தம்தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைங்கிறதால, அதுக்கப்புறம் வர்ற வருமானத்துக்கு இந்த எண்கள் மாறும். அப்பவும் 'சம்பளம்'னு இருக்கா, 'தொழில்முறைக் கட்டணம்'னு இருக்கான்னு பார்த்தா போதும்.

ஒரு எச்சரிக்கை. பிஎஃப் பிடிக்கலைங்கிறதை மட்டும் வெச்சு 'நான் ஊழியர் இல்ல போல'ன்னு முடிவு பண்ணாதீங்க. 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம் இல்ல. முதல் வேலையிலேயே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல இருந்து, இதுவரை பிஎஃப்ல உறுப்பினரா இல்லாதவரையும் கம்பெனி சேர்க்காம விடலாம். பிஎஃப் இல்லாமலே ஒருத்தர் முழு ஊழியரா இருக்க முடியும்.

தப்பா வகைப்படுத்தியிருக்காங்கன்னு தோணினா

இன்னும் சேரலைன்னா வழி சுலபம். 'இதே வேலையை இதே தொகைக்கு குறிப்பிட்ட காலத்துக்கான ஊழியரா தர முடியுமா?'ன்னு மெயில்ல கேளுங்க. கம்பெனிக்கு ஒரு வருஷத்துக்கு மட்டும் ஆள் வேணும்னா, அதுக்குச் சரியான வடிவம் இதுதான். பதில் 'முடியாது'ன்னு வந்தாலும், உங்க பேரம் எங்கிருந்து தொடங்கணும்னு தெரிஞ்சிடும்.

ஏற்கனவே உள்ள இருந்தா, முதல் வேலை ஆதாரம் சேர்க்கிறது. கோபத்துல மெயில் போடுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. ஒப்பந்தம், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், `26AS`, வருகைப் பதிவு, லீவு கேட்டு ஒப்புதல் வந்த செய்தி, அப்ரைசல் மெயில், வேலையை இப்படிப் பண்ணுன்னு வந்த உத்தரவுகள். உங்களைப் பத்தின தகவல்களை மட்டும் எடுங்க. வாடிக்கையாளர் தரவையோ கம்பெனி ரகசியத்தையோ வெளிய கொண்டு போனா அதுவே உங்களுக்கு எதிரா திரும்பும். வேலை போன அன்னைக்கே மெயில் ஐடியை மூடிடுவாங்க, அதனால இதையெல்லாம் முன்னாடியே செஞ்சு வைக்கணும்.

பிஎஃப் சம்பந்தமா இருந்தா இபிஎஃப்ஓ-வின் `EPFiGMS` தளத்துல புகார் பதிவு பண்ணலாம். பிஎஃப் சட்டம் ஒரு நிறுவனத்துக்கோ ஆளுக்கோ பொருந்துமாங்கிற தகராறை விசாரிச்சு, எவ்வளவு பாக்கின்னு முடிவு பண்ற அதிகாரம் பிஎஃப் அதிகாரிகளுக்கு உண்டு. இதைத்தான் '7ஏ விசாரணை'ன்னு சொல்வாங்க. பாக்கின்னு முடிவானா கம்பெனி வட்டியோட கட்டணும், அபராதமும் வரலாம். வேலையை விட்டு எடுத்தது, இழப்பீடு மாதிரி விஷயங்களுக்கு மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். ஆனா இதுக்குக் கால வரம்பு இருக்கு. பல மாசம் யோசிக்காம, தொழிலாளர் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர் ஒருத்தர்கிட்ட ஆவணங்களைக் காட்டிடுங்க.

இதுல எதிர்பார்ப்பையும் சரியா வெச்சுக்கணும். 'நீ ஊழியர்தான்'னு தீர்ப்பு வந்தா பிஎஃப், கிராஜுவிட்டி மாதிரி பணமா கணக்குப் போடக்கூடிய பாக்கியைக் கேட்டு வாங்க வழி இருக்கு. குழந்தை பிறந்தப்போ எடுக்காம விட்ட 26 வாரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

தெரிஞ்சே கன்சல்டன்ட் ஆகப் போறீங்களா?

அது தப்பே இல்ல. ஆனா அதுக்கான விலையைக் கேளுங்க. நம்ம 6 லட்சம் உதாரணத்துலயே பார்க்கலாம். லீவு நாட்கள் 24-க்கு 40,000. நீங்களே எடுக்க வேண்டிய ஹெல்த், டேர்ம், விபத்துக் காப்பீடுகளுக்கு 25,000-னு வெச்சுப்போம். உங்க வயசு, குடும்பத்தைப் பொறுத்து இது மாறும். வருஷத்துல ஒரு மாசம் வேலை இல்லாம போனா 50,000. ஆடிட்டர் செலவு 5,000. மொத்தம் 1,20,000. அதாவது 6 லட்சம் பேரோலுக்குச் சமமான கன்சல்டன்ட் கட்டணம் 7.2 லட்சம், மாசம் 60,000. இதுல மகப்பேறு கணக்கு இன்னும் சேரல. மாசம் 50,000-க்கு ஒத்துக்கிட்டா, அந்த 1.2 லட்சத்தை நீங்க கம்பெனிக்குத் தள்ளுபடியா கொடுக்கிறீங்க.

கட்டணத்தைத் தவிர ஒப்பந்தத்துல ரெண்டு வரியை மாத்தச் சொல்லுங்க. ஒண்ணு, ரத்து செய்ய ரெண்டு பக்கமும் 30 நாளாவது அறிவிப்பு. ரெண்டாவது, 'வேற யாருக்கும் வேலை செய்யக் கூடாது'ங்கிற வரியை எடுத்துடணும். சுதந்திரமான தொழில்காரர்னு சொல்லிட்டு, அந்தச் சுதந்திரத்தை மட்டும் தர மாட்டேன்னா, அது என்ன ஒப்பந்தம்னு உங்களுக்கே புரிஞ்சிடும். வீட்டுக் கடன் வாங்குற எண்ணம் இருந்தா இன்னொண்ணும் கவனிங்க. சுயதொழில் செய்யறவங்ககிட்ட பேங்க் பொதுவா சில வருஷ ரிட்டர்ன்களைக் கேக்கும். மூணு மாச சம்பள ஸ்லிப் காட்டிக் கடன் வாங்குற வசதி அங்க இருக்காது.

உங்க கையில இப்ப கன்சல்டன்ட் ஆஃபர் இருந்தா, தொகை, அறிவிப்புக் காலம், லீவு விதி இந்த மூணையும் கமென்ட்ல எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம். சமமான கட்டணம் எவ்வளவுன்னு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.